பப்பாளி இலைச் சாறும் பிளேட்லெட் எண்ணிக்கையும்: டெங்குவில் எதைப் பார்க்க வேண்டும்

டெங்கு வந்த வீட்டில் ஐந்தாம் நாள் மாலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். லேபிலிருந்து ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும். யாராவது ஒருவர் அதில் பிளேட்லெட் வரியை மட்டும் சத்தமாகப் படிப்பார்: 46,000. நேற்று 98,000 இருந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் ஒருவர் பப்பாளி மரம் தேடிப் போவார், ஒருவர் கிவிப் பழம் வாங்கப் போவார், ஊரிலிருந்து சித்தி போன் செய்து நிலவேம்பு காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார். நோயாளிக்கு அன்றுதான் காய்ச்சல் விட்டிருக்கும். "இப்ப பரவாயில்லை" என்று படுத்திருப்பார். அவரை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் வீடே எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பப்பாளி இலைச் சாறு வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. அதை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் பாகிஸ்தானிலிருந்து ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை வந்தது. 45 வயதுக்காரருக்கு இலைச் சாற்றை 25 மில்லி வீதம் நாளுக்கு இரண்டு முறை, ஐந்து நாள் கொடுத்தார்கள். 55,000 இருந்த பிளேட்லெட் 1,68,000 ஆனது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளில் பலவற்றுக்கு இதுபோன்ற ஒற்றை நோயாளிக் கதைகள்தான் வேர். இதைவிடப் பெரிய ஆய்வு மலேசியாவில் நடந்து 2013இல் வெளியானது. 228 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையோடு 50 கிராம் பச்சை இலையின் சாறு, காலை உணவுக்குப் பிறகு நாளுக்கு ஒரு முறை, மூன்று நாள். மற்றக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 40 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் பார்த்தபோது சாறு குடித்தவர்களின் பிளேட்லெட் கூடுதலாக ஏறியிருந்தது. பின்னர் இந்தியாவில் 1,100 மில்லிகிராம் மாத்திரையாக, நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள் கொடுத்துச் செய்த ஆய்வும் அதே திசையில் முடிவு சொன்னது. மருந்துக்கடையில் இன்று கிடைக்கும் பப்பாளி இலை மாத்திரைகள் சிலவற்றின் அளவும் இதேதான்.

ஆக, "எண்ணிக்கை கொஞ்சம் சீக்கிரம் ஏறலாம்" என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. அந்தச் சான்றுக்கு இரண்டு ஓட்டைகள் உண்டு. மலேசிய ஆய்வில் யாருக்குச் சாறு, யாருக்கு இல்லை என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சாறு எதுவும் கொடுக்கவில்லை. இது முதல் ஓட்டை. இரண்டாவதுதான் பெரியது. இந்த ஆய்வுகள் அளந்தது பிளேட்லெட் எண்ணை. சாறு குடித்ததால் ரத்தக்கசிவு குறைந்ததா, ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்கள் குறைந்தார்களா, உயிர் தப்பினார்களா என்ற கேள்விகளுக்கு அவற்றில் பதில் கிடையாது. எண் ஏறினால் ஆள் பிழைப்பார் என்று நாம்தான் நடுவில் ஒரு பாலம் போட்டுக்கொள்கிறோம். அந்தப் பாலம் தாங்குமா என்பதைப் பார்ப்போம்.

முதலில் சாறு எதுவும் கொடுக்காமல் விட்டால் எண் என்ன செய்யும் என்று தெரிய வேண்டும். டெங்கு வைரஸ் எலும்பு மஜ்ஜையில் பிளேட்லெட் உற்பத்தியைச் சில நாள் அடக்கி வைக்கிறது. அதோடு, வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பாற்றல் ரத்தத்தில் ஓடும் பிளேட்லெட்டையும் சேர்த்து அழிக்கிறது. காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாள் என்று எண்ணினால், மூன்றாம் நான்காம் நாளில் எண் இறங்கத் தொடங்கும், ஐந்தாம் ஆறாம் நாளில் அடிமட்டத்தைத் தொடும், ஏழாம் எட்டாம் நாளில் தானாக ஏறும். மஜ்ஜை விழித்துக்கொண்டால் ஏற்றம் மளமளவென்று இருக்கும்; ஒரே நாளில் இரட்டிப்பாவது சாதாரணம்.

இதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்குகிறது என்று வையுங்கள். புதன்கிழமை, அதாவது மூன்றாம் நாள், பிளேட்லெட் 1,62,000. வியாழன் 98,000. வெள்ளி 46,000, அன்று காய்ச்சலும் விடுகிறது. வெள்ளி மாலை பப்பாளிச் சாறு தொடங்குகிறார்கள். சனி 22,000. ஞாயிறு 24,000. திங்கள் 51,000. செவ்வாய் 98,000. வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள்? "வெள்ளிக்கிழமை சாறு ஆரம்பிச்சோம், ரெண்டே நாள்ல ஏற ஆரம்பிச்சிடுச்சு." சாறே கொடுக்காத பக்கத்துப் படுக்கை நோயாளிக்கும் இதே வளைவுதான் இருந்திருக்கும். ஆனால் அந்த ரிப்போர்ட்டை யாரும் எடுத்து வைத்து ஒப்பிடுவதில்லை. புதன்கிழமையே சாறு கொடுத்திருந்தால் அடுத்த மூன்று நாளும் எண் இறங்கியிருக்கும். அப்போது "குடுக்கலேன்னா இன்னும் கீழ போயிருக்கும்" என்பார்கள். எண் பயமுறுத்தும்போதுதான் மருந்து தேடுகிறோம். எண் மிகவும் பயமுறுத்துவது அடிமட்டத்தை நெருங்கும்போது. அடிமட்டத்துக்குப் பிறகு ஏற்றம்தான். அதனால் ஐந்தாம் நாளில் எதைக் கொடுத்தாலும், கிவி கொடுத்தாலும் ஆட்டுப்பால் கொடுத்தாலும், அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

இப்போது அந்தப் பாலத்துக்கு வருவோம். பிளேட்லெட்டை ஏற்றினால் ரத்தக்கசிவு குறையுமா? இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள், அதுவும் இலைச் சாற்றை வைத்து அல்ல, பையில் வரும் பிளேட்லெட்டையே ஏற்றி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பிளேட்லெட் 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்த, ஆனால் ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்கள் 372 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்குப் பிளேட்லெட் ஏற்றினார்கள், மறுபாதிக்கு ஏற்றவில்லை. ஒரு வாரத்துக்குள் ரத்தக்கசிவு கண்டவர்கள் ஏற்றிய குழுவில் 21 சதவீதம், ஏற்றாத குழுவில் 26 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். அலர்ஜி, தடிப்பு, மூச்சுத்திணறல் போன்ற பக்க விளைவுகளோ ஏற்றிய குழுவில்தான் தெளிவாக அதிகம். உண்மையான பிளேட்லெட்டை நேராக நரம்பில் ஏற்றியே ரத்தக்கசிவைத் தடுக்க முடியவில்லை என்றால், இரண்டு நாளில் சில ஆயிரம் ஏற்றக்கூடிய ஒரு சாற்றிடம் என்ன எதிர்பார்க்கலாம்? டெங்கு வீட்டு வைத்தியம் பற்றிப் பேசும் எவரும் தெரிந்திருக்க வேண்டிய ஆய்வு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏன் அப்படி? டெங்குவில் ஆள் ஆபத்துக்குப் போவது பெரும்பாலும் பிளேட்லெட் குறைந்ததால் அல்ல, ரத்தக்குழாய் கசிவதால். குழாய்ச் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசிந்து போகிறது. ரத்தம் கெட்டியாகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது, கவனிக்காமல் விட்டால் அதிர்ச்சி நிலை. பெரிய ரத்தக்கசிவுகூட அனேகமாக இந்த அதிர்ச்சி நீடித்த பிறகு வருவதுதான். இந்தக் கசிவு காய்ச்சல் விடும் சமயத்தில் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பிளேட்லெட் சரிவதும் அதே நேரம் என்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். பிளேட்லெட் 1,00,000க்குக் கீழே இறங்குவது கசிவு வரலாம் என்பதற்கு நல்ல எச்சரிக்கை மணிதான். மணியை மட்டும் உயர்த்திப் பிடிப்பதால் கசிவு நிற்காது.

கசிவைக் காட்டும் எண்ணும் அதே ரிப்போர்ட்டில், பிளேட்லெட்டுக்குச் சில வரி மேலே இருக்கிறது. பி.சி.வி. என்றோ ஹெமட்டோகிரிட் என்றோ போட்டிருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு சதவீதமாக இருக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் அந்த வரியைப் படியுங்கள். புதன் 40. வியாழன் 41. வெள்ளி 44. சனி 48. முதலில் இருந்த அளவிலிருந்து 20 சதவீதம் கூடினால் குறிப்பிடத்தக்க கசிவு என்று கணக்கு. 40இன் 20 சதவீதம் 8, ஆக 48 என்பது அந்த எல்லையே. வெள்ளி மாலை 46,000 என்ற பிளேட்லெட்டைப் பார்த்து எல்லோரும் இலை தேடிப் போனபோது, 44 என்ற எண் ஏற ஆரம்பித்திருந்ததை யாரும் படிக்கவில்லை. சனிக்கிழமை அவருக்குத் தேவைப்பட்டது பி.சி.வி.யைப் பார்த்து அளவாக ஏற்றும் சலைன். ஞாயிறு பி.சி.வி. 43க்கு இறங்கியபோதே கண்டம் தாண்டிவிட்டது. பிளேட்லெட் அப்போதும் 24,000தான். 22,000, 24,000 என்ற இந்த இரண்டையும் பார்த்து "ரெண்டாயிரம் ஏறியிருக்கு" என்று மகிழ வேண்டியதில்லை. ஒரே ரத்தத்தை ஒரே மெஷினில் இரண்டு முறை ஓட்டினாலே அவ்வளவு வித்தியாசம் வரும். ஊசி குத்தும்போது ரத்தம் லேசாக உறைந்துவிட்டாலோ, டியூபில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ மெஷின் பொய்யாகக் குறைவான எண்ணைக் காட்டும். எதிர்பாராமல் ஒரேயடியாக விழுந்த எண்ணைப் பார்த்தால், ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் சரிபார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள். தினமும் ஒரே லேபில் பார்ப்பதும் இதற்காகத்தான். மூன்றாம் நாளே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து வைத்திருந்தால்தான் பி.சி.வி. எங்கிருந்து ஏறியது என்று கணக்கிட முடியும்.

சாறு குடிப்பதால் கெடுதல் என்ன, குடித்துப் பார்த்தால் என்ன என்று கேட்பார்கள். சாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் தெரியும். காம்பும் தடித்த நரம்பும் நீக்கி, கழுவி, மிக்ஸியில் அடித்து, துணியில் பிழிந்தால் வருவது கரும்பச்சையில், நுரை கட்டிய, நாக்கின் அடிவரை கசக்கும் திரவம். இரண்டு இலையா, பத்து இலையா, தண்ணீர் எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். "அதிகம் கொடுத்தால் சீக்கிரம் ஏறும்" என்று ஒரு டம்ளர் முழுக்க, நாளுக்கு நான்கு முறை கொடுப்பவர்களும் உண்டு. ஏற்கெனவே குமட்டலோடு இருக்கும் டெங்கு நோயாளி அதைக் குடித்தால் வாந்தி எடுப்பார். வாந்தியில் சாறு மட்டும் போவதில்லை, காலையிலிருந்து கஷ்டப்பட்டுக் குடித்த ஓ.ஆர்.எஸ்.ஸும் கஞ்சியும் சேர்ந்து போகும். அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. தொடர்ச்சியான வாந்தியும் வயிற்று வலியும் டெங்குவின் அபாய அறிகுறிகள். சாறு குடித்தவர் வாந்தி எடுத்தால் "சாறு ஒத்துக்கலை" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அது கசிவின் அறிகுறியாக இருந்திருந்தால் நான்கைந்து மணி நேரம் போய்விட்டது. சாறு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால், ஆய்வில் கொடுத்த அளவைத் தாண்டாதீர்கள், வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், ஒரு முறை வாந்தி வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கும், ரப்பர் பால் அலர்ஜி உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

மற்ற வைத்தியங்களில் நிலவேம்புக் குடிநீர் தமிழ்நாட்டில் அரசே வழங்கியது என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது பொருள் சேர்ந்த சித்த மருத்துவக் கஷாயம் அது. காய்ச்சலுக்கான மருந்தாகவே சித்த நூல்கள் அதைச் சொல்கின்றன. பிளேட்லெட்டை ஏற்றும் என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பேச்சு. ஆய்வுக்கூடத்தில் செல்களில் வைரஸுக்கு எதிராக அது வேலை செய்ததாக முடிவுகள் உண்டு. ஆனால் டெங்கு நோயாளிகளிடம் கசிவையோ மரணத்தையோ குறைத்ததாகக் காட்டும் தரமான ஆய்வு இல்லை. 30 முதல் 60 மில்லி குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடுவதைத் தடுப்பேன்.

சீந்தில் கொடி விஷயம் வேறு. டெங்குவில் கல்லீரல் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். 2020இல் மும்பையில் நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடிபட்ட கல்லீரலில் இன்னொரு சுமை ஏற்ற வேண்டாம். காய்ச்சாத ஆட்டுப்பால் புருசெல்லா போன்ற கிருமிகளைக் கொண்டுவரலாம். காய்ச்சிய பாலோ வெறும் உணவுதான். கிவியும் பேரீச்சையும் அப்படித்தான், பிடித்தால் சாப்பிடலாம். மாதுளை ஜூஸும் பீட்ரூட் ஜூஸும் நல்ல பானங்கள் என்றாலும் இந்த ஐந்தாறு நாளுக்குத் தள்ளி வையுங்கள். வாந்தி சிவப்பாக வந்தால் அது ஜூஸா ரத்தமா என்று ராத்திரி இரண்டு மணிக்கு யாராலும் சொல்ல முடியாது. இலங்கையின் டெங்கு வழிகாட்டி சிவப்பு, பழுப்பு நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டில் உண்மையிலேயே பலன் தருவது திரவம், பாரசிட்டமால், கண்காணிப்பு. 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரியவருக்கு 24 மணி நேரத்தில் சுமார் இரண்டரை லிட்டர் திரவம்: ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர், மோர், ரசம். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்கக் கூடாது, உப்பும் சேர்ந்து போக வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி வரும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி என்று பிரித்துக்கொள்ளுங்கள். சின்ன டீ டம்ளர் அளவுதான் அது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் போக வேண்டும். பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு வேளைக்கு மிகாமல். 60 கிலோக்காரருக்கு 650 மாத்திரை ஒன்று. உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. காய்ச்சலுக்கென்று இடுப்பில் போடும் ஊசியும் கூடாது. பிளேட்லெட் குறைந்த நேரத்தில் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். (இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.)

காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள், இரவு உட்பட, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் தொட்டுப் பாருங்கள். கை கால் ஜில்லென்று இருக்கிறதா? விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் இரண்டு வினாடிக்குள் சிவப்பாகிறதா? வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 110/90 என்று வந்தால் மேல் எண் நன்றாக இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். இடைவெளி 20க்குச் சுருங்கியிருப்பது அதிர்ச்சி நிலையின் தொடக்கம். விடாத வயிற்று வலி, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எழுந்தால் தலைசுற்றல், குழப்பமான பேச்சு, காரணமில்லாத எரிச்சல் அல்லது தூக்கக் கலக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பிளேட்லெட் 80,000 இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காமல் கிளம்ப வேண்டும். 25,000 இருந்தும் நன்றாகக் குடித்து, சிறுநீர் போய், பி.சி.வி. ஏறாமல் இருப்பவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண்காணிப்பில் இருந்தால் போதும். பிளேட்லெட் ஏற்றவில்லையே என்று மருத்துவரோடு சண்டை போட வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதபோது 10,000க்குக் கீழே போனால்தான் அதைப் பற்றி யோசிக்கவே இந்திய வழிகாட்டி சொல்கிறது.

கிளம்பும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், காய்ச்சல் விட்ட நேரம், கடைசி 24 மணி நேரத்தில் குடித்த அளவு, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், ஒவ்வொரு நாளின் பிளேட்லெட்டும் பக்கத்திலேயே பி.சி.வி.யும். பப்பாளிச் சாறோ சீந்திலோ கஷாயமோ கொடுத்திருந்தால் எப்போது, எவ்வளவு என்று அதையும் எழுதுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்துவிட்டால், வாந்திக்கும் ஏறியிருக்கும் கல்லீரல் எண்ணுக்கும் காரணம் தேடி டியூட்டி டாக்டர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும்.